பேட்டி முடிஞ்சாச்சு, கச்சேரி இனிமேதான்!

நாளிதழில் நாலு பத்தியாக வரும் ஒரு பேட்டி, அதற்கு முந்தின ராத்திரி எப்படி இருக்கும் தெரியுமா? இருபது பக்கம்! நடுவில் லாரி ஹாரன், "டீ சொல்லுப்பா", யாரோ ஒருத்தரின் இருமல், பேட்டி கொடுத்தவரின் மருமகளுக்கு வளைகாப்பு, எல்லாம் அதிலேயே கிடக்கும். அதைப் பிழிந்து நிருபர் கையில் ஒரே ஒரு தாளாகக் கொடுப்பதுதான் நம் திரைமறைவு வேலை. அந்தத் தாளில் மூன்று கட்டம். சொன்னது என்ன, அவர் வாயாலேயே போட வேண்டியது எது, இன்னும் பதில் வராதது எது. வாங்க, உள்ளே எட்டிப் பார்க்கலாம்!

முதலில் ஒரு சூடேற்றல். 2024 அக்டோபர் 11 ராத்திரி. மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் பொன்னேரியைத் தாண்டி, கும்மிடிப்பூண்டிக்கு முந்தின ஸ்டேஷனான கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. அன்றிரவே ரயில்வே விளக்கம் சொன்னது: மெயின் லைனுக்கு சிக்னல் கொடுத்திருந்தோம், ஓட்டுநர்கள் பலத்த குலுக்கலை உணர்ந்தார்கள், வண்டி சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் லூப் லைனுக்குள் போய்விட்டது.

படிக்க ஒரே விஷயம் மாதிரி இருக்கிறது இல்லையா? பிரித்துப் பாருங்கள், குஷியாக இருக்கும். சிக்னல் கொடுத்தது கருவியில் பதிவாகிற சங்கதி. குலுக்கல், எஞ்சினில் இருந்தவர்கள் உடம்பில் உணர்ந்தது. லூப் லைனுக்குள் போனதை மறுநாள் காலையில் ஊரே பார்த்தது. மூன்றுக்கும் சாட்சி வேறு வேறு. இவ்வளவு சொன்ன விளக்கத்தில் ஒன்று மட்டும் இல்லை. மெயின் லைனுக்குப் போக வேண்டிய சக்கரம் லூப் லைனுக்கு எப்படித் திரும்பியது? பிறகு விசாரணை முழுக்க, தண்டவாளம் பிரியும் இடத்தில் போல்ட்டுகள் கழற்றப்பட்டனவா என்று அந்தக் கேள்வியையே சுற்றி வந்தது. பதில் வராததைக் குறிக்கும் கட்டம் காலியாக விடுவதற்கில்லை என்பது புரிகிறதா!

இப்போது மெயின் பிக்சர். புது நிருபர்களைப் பழக்குவதற்காக நானே கட்டிய ஒரு மாதிரிப் பேட்டி இது. ஆளும் ஆலையும் கற்பனை. களம், சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் ஒரு இண்டக்‌ஷன் ஃபர்னஸ்.

"அன்னிக்கு என்னண்ணே ஆச்சு?"

"ஸ்கிராப்பு ஈரம் தம்பி. மழை விட்டு ஒரு நாளு கூட ஆவல. அப்பிடியே தூக்கிப் போட்டுட்டானுங்க. நான் பேனல் ரூம்ல இருந்தேன். டமால்னு சத்தம். வெளிய வந்தா ஒரு பையன் சட்டை எரியுது."

"எத்தனை பேருக்கு அடிண்ணே?"

"மூணு. நாலுன்னும் சொல்றாங்க. அவங்க காண்ட்ராக்டர் ஆளுங்க, அந்தக் கணக்கு நம்ம கைக்கு வராது."

"தீக்காப்பு கோட்டு கிடையாதா?"

"கோட்டெல்லாம் குடுத்தாங்க தம்பி. ஆடிட் வர்ற அன்னிக்கு."

"முன்னாடி இப்பிடி நடந்திருக்கா?"

"வெயிலு கொளுத்துது, டீ சாப்புடறியா?"

ஆகா, விருந்து! புதியவர்கள் முதல் கட்டத்தில் சட்டென்று எழுதுவது: "ஈர ஸ்கிராப்பைப் போட்டதால் ஃபர்னஸ் வெடித்தது." நடக்கக்கூடியதுதான். சுமார் 1,600 டிகிரியில் உருகிக் கிடக்கும் இரும்புக்கு அடியில் தண்ணீர் மாட்டினால், அது நீராவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். மேலே இருக்கும் உருகிய இரும்பைத் தூக்கி அடிக்கும். ஆனால் நம் அண்ணன் எங்கே இருந்தார்? பேனல் ரூமில். ஸ்கிராப்பைப் போட்டதை அவர் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டார். மூடி கழற்றாத பழைய சிலிண்டர் ஒன்று ஸ்கிராப்போடு கலந்து போயிருந்தாலும் இதே டமால்தான். அதனால் முதல் கட்டத்தில் வரவேண்டியது: "ஈர ஸ்கிராப் காரணம் என்கிறார்; போட்டபோது அருகில் இல்லை. சட்டை எரிந்ததை நேரில் பார்த்தார்." ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ரிக்கார்டிங்கின் நிமிடமும் வினாடியும் இருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு சப் எடிட்டர் சந்தேகம் கேட்டால், தேடாமல் ஓட்டிக் காட்டலாம்.

அடுத்தது மேற்கோள். இதில்தான் எனக்குக் கை துறுதுறுக்கும்! எல்லாரும் "டமால்" வரியை எடுப்பார்கள். அதை எந்த விபத்திலும் யாரும் சொல்லலாம். என் ஓட்டு "அந்தக் கணக்கு நம்ம கைக்கு வராது"க்கு. அடிபட்டவர்கள் எண்ணிக்கை ஏன் குழம்புகிறது என்பதை இதைவிடக் கச்சிதமாக எந்த நிருபரும் எழுத முடியாது. கோட்டு வரியும் தங்கம், ஆனால் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. இடம் போதவில்லை என்று பின்பாதியை வெட்டினால், "கோட்டெல்லாம் குடுத்தாங்க" என்று நிர்வாகத்துக்கு நற்சான்றிதழ் ஆகிவிடும். ஆகவே தாளில் அதன் பக்கத்தில் "முழுதாக, அல்லது வேண்டாம்" என்று எழுதிவைப்பேன். அண்ணன் பேச்சை எழுத்துத் தமிழாக்கினால் மேற்கோள் குறியை எடுத்துவிட வேண்டும்; குறி இருந்தால் அவர் சொன்ன சொல்தான் இருக்க வேண்டும். எண்களையும் "இல்ல"வையும் தட்டச்சுப் பிரதியை நம்பிப் போடாமல் ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள். மெஷின் இரைச்சலில் முதலில் காணாமல் போவது அவைதான்.

மேற்கோளிலேயே ஒரு கண்ணிவெடியும் உண்டு. ஒரு ஷிப்டில் பேனல் ரூமில் இருப்பது பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். "பெயர் சொல்ல விரும்பாத தொழிலாளி" என்று போட்டுவிட்டு, "நான் பேனல் ரூம்ல இருந்தேன்" என்றும் அச்சிட்டால் மறுநாள் காலையில் மேனேஜர் நேராக அவரிடம்தான் போவார். அந்த வரி தாளில் இருந்தே ஆக வேண்டும், அவருக்கு எது தெரியும் என்று நமக்குச் சொல்வதே அதுதான். பத்திரிகையில் வரக் கூடாது. சிவப்பு மசியில் ஒரு வட்டம்!

கடைசிக் கட்டம் என் செல்லம். "முன்னாடி நடந்திருக்கா?" என்றதற்கு டீ வந்தது. அதை நழுவல் என்று குறிக்கிறோம். "இல்லை என்றார்" என்றோ "ஒப்புக்கொண்டார்" என்றோ அல்ல. எத்தனை பேர் என்பது அவரால் பதில் சொல்ல முடியாதது. எத்தனை தடவை கேட்டாலும் மூணுக்கும் நாலுக்கும் நடுவில்தான் ஊசலாடுவார். அந்தக் கேள்வியின் விலாசம் காண்ட்ராக்டரின் மஸ்டர் ரோல், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஆலை கொடுத்திருக்க வேண்டிய விபத்து அறிவிப்பு. மூன்றாவது வகை, நிருபரே கேட்க மறந்தது. எந்தத் தேதி, எந்த ஷிப்ட், ஈரமாகவே போடச் சொன்னது யார், அடிபட்ட பையன் இப்போது எங்கே? இருபது பக்கத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் அந்தப் பையனின் பெயர் இல்லை. அவனிடம்தான் நிஜக் கதை இருக்கிறது.

ஆகவே தாளின் உச்சியில், முக்கிய விஷயங்களுக்கும் மேலே, அந்தப் பையன் யார், இப்போது எங்கே என்ற ஒரு கேள்வியைத் தூக்கி வைப்பேன். நிருபர் தம்பி, தங்கைகளே, அண்ணனுக்குத் திரும்பப் போன் போடுவதானால் ஷிப்ட் முடிந்து அவர் கேட்டைத் தாண்டிய பிறகு போடுங்கள். பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றால் மறுபடி டீதான் வரும்.