காலை எடையும் இரவுத் தலையணையும்

மூத்த குடிமக்கள் மன்றங்களில் இதயச் செயலிழப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலைத் தருவார்கள்: மூச்சிரைப்பு, கால் வீக்கம், களைப்பு, இருமல், பசியின்மை. பட்டியலில் தவறில்லை. ஆனால் எழுபதைத் தாண்டியவர்கள் நிறைந்த கூடத்தில் இவற்றில் ஒன்றாவது இல்லாதவர் யார்? மூட்டுவலியால் ஒருவர் சீக்கிரம் களைத்துப்போவார். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலேயே இன்னொருவருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கும். இதயம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்ட ஒருவருக்கு, அறிகுறி இருக்கிறதா என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. போன வாரத்தைவிட மாறியிருக்கிறதா என்று கேட்டால்தான் பயன். அந்த மாற்றத்தைப் பிடிக்க அவர் தினமும் பார்க்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: காலையில் தன் எடை, இரவில் தனக்குத் தேவைப்படும் தலையணை உயரம்.

எடை ஏன்? இதயம் போதிய வேகத்தில் ரத்தத்தைத் தள்ளாதபோது, உடலில் நீர் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தவறாகக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீர் ஏறினால் ஒரு கிலோ எடை ஏறும். பாதத்தில் விரலை அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீக்கம் வருவதற்குள் பெரும்பாலும் சில லிட்டர் நீர் சேர்ந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடைக்கருவிக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் அன்றாட எடைக் குறிப்புகளைப் பின்னோக்கிப் பார்த்தது. சேர்வதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே எடை ஏறத் தொடங்கியிருந்தது. நள்ளிரவில் மூச்சுத்திணறி ஆம்புலன்ஸ் ஏறியவருக்கு எல்லாம் திடீரென்று நடந்ததுபோலத் தோன்றும். ஆனால் அதற்கு முன் பல நாள் அவகாசம் இருந்திருக்கலாம்.

எடையைப் பார்க்கவும் முறை உண்டு. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், ஒரே கருவியில், கட்டாந்தரையில் வைத்துப் பார்த்து, காலண்டரில் எழுத வேண்டும். கணக்குக்காக, மருத்துவமனையிலிருந்து நீர் வடிந்து 61.5 கிலோவில் வீடு திரும்பிய 68 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு 61.5, திங்கள் 61.9, செவ்வாய் 61.6. இது சாதாரண ஏற்றத்தாழ்வு. மலச்சிக்கலோ முதல்நாள் விருந்தோகூட இதைச் செய்யும். புதன் 62.4, வியாழன் 63.1. இரண்டு நாளாக ஒரே திசையில் ஏறுகிறது, இப்போது காரணம் தேட வேண்டும். திங்கள் மாலையிலிருந்து முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானே வாங்கிய டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறார். இவ்வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்குபவை, நீர் மாத்திரையின் வேலையையும் குறைப்பவை. வெள்ளி 63.8. மூன்று நாளில் 2.2 கிலோ. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதல் சொல்லும் எல்லை. அவருடைய கால் இன்னும் வீங்கவில்லை என்பதால் ஞாயிறுவரை பொறுப்பது, கையில் இருக்கும் அவகாசத்தை வீணாக்குவதாகும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. எடை ஏறாமலே நிலைமை மோசமாகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உண்மைதான், அதற்குக் காரணங்களும் தெரியும். வயிற்றுப் பகுதி ரத்தநாளங்களில் தங்கியிருந்த ரத்தம் மார்புப் பக்கம் இடம்பெயர்ந்தால், மொத்த நீர் கூடாமலே நுரையீரலில் அழுத்தம் ஏறும். நாள்பட்ட நோயில் சதை கரைந்துகொண்டே வந்தால், அது இழக்கும் எடை, சேரும் நீரின் எடையை மறைத்துவிடும். ஆகவே எடை ஏறினால் நம்பலாம், ஏறவில்லை என்பதால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. இந்த ஓட்டையை அடைப்பதற்குத்தான் தலையணைக் கேள்வி. படுத்ததும் கால்களிலுள்ள ரத்தம் மார்புக்குத் திரும்புகிறது, பலவீனமான இதயம் அதைச் சமாளிக்க முடியாமல் நுரையீரலில் தேங்கவிடுகிறது. ஒரு தலையணையில் தூங்கியவர் இரண்டு கேட்பது, படுத்ததும் வறட்டு இருமல் வருவது, தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, சாய்வு நாற்காலியில் தூங்கப் பழகிக்கொள்வது எல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. பகலிலும் ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வார் மாட்டக் குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்கினால், இதயத்துக்குள் அழுத்தம் ஏறியிருக்கக்கூடும். இவை புதிதாக வந்தால், எடை அசையாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படித் தினமும் கண்காணிப்பதால் உயிர் பிழைக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்கள் 2010-ல் அமெரிக்காவில் வெளியான டெலி-எச்.எஃப். ஆய்வைச் சுட்டுவார்கள். 1,653 நோயாளிகளில் ஒரு பாதியினர் எடையையும் அறிகுறிகளையும் தானியங்கித் தொலைபேசியில் தினமும் பதிவுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மாதத்தில் மறுபடி மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் இரு பிரிவிலும் பாதிக்குச் சற்று மேல், வித்தியாசமே இல்லை. ஆனால் பதிவுசெய்ய வேண்டியவர்களில் ஏழில் ஒருவர் ஒருமுறைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் பாதிப் பேரைவிடச் சற்றே அதிகம். இதற்கு எதிராக, ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2018-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், எடை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி. ஆகியவை தினமும் ஒரு மையத்துக்குப் போயின. அங்கே இரவு பகலாக மருத்துவர் இருந்தார். ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 11 ஆக இருந்த மரணம், கண்காணிக்கப்பட்டவர்களிடம் சுமார் 8 ஆனது. இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் படித்தால், எண்ணை எழுதுவதால் மட்டும் யாரும் பிழைப்பதில்லை, அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் உடனே ஏதாவது செய்தால்தான் பலன் என்று கொள்வதே பொருத்தம்.

நம் ஊரில் அப்படியொரு மையம் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. அதற்குப் பதிலாக, நலமாக இருக்கும்போதே மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். என் சரியான எடை எவ்வளவு, எத்தனை கிலோ ஏறினால் யாரை அழைப்பது, அன்று நீர் மாத்திரையை நானே கூட்டலாமா, கூடாதா? எழுதித் தராத நிலையில் தானாகக் கூட்டுவது ஆபத்து. நீர் அதிகம் வடிந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், சிறுநீரகம் பாதிக்கப்படும், பொட்டாசியம் குறையும். எடை மளமளவென்று இறங்குவதும் அதனால்தான் அழைக்க வேண்டிய செய்தியாகிறது. தினமும் எடை பார்த்தால் மனப்பயம் கூடும் என்பவர்களுக்கும் இந்தத் தாளே பதில். எல்லை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அரைக் கிலோ ஏறியதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அழைக்கும்போது, ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடியதா, புதிதாக வலிமாத்திரை சேர்ந்ததா, வெளியூர்ப் பயணத்தில் நீர் மாத்திரை விடுபட்டதா என்பதையும் சேர்த்துச் சொன்னால், மருத்துவர் காரணத்தை நீக்கவே முயல்வார். இந்தத் தாளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நுரைத்த இளஞ்சிவப்புச் சளி வந்தால், உதடு நீலம் பாரித்தால், மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், எடையைப் பார்க்காமல் 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். மயங்கி விழுந்துவிட்டால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.