குமிழி அடங்கும் நேரம்

சாத்தூர் வழியாகப் போகிறவர்கள் காராச்சேவு வாங்காமல் திரும்புவது அரிது. அந்தச் சேவு தயாராகும் விதத்தை வீடியோ எடுக்கிறவர்கள் பெரும்பாலும் தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, பளபளக்கும் ஸ்டீல் மேஜை என்று தொடங்குகிறார்கள். அவை வேண்டியவைதான். ஆனால் பார்க்கிறவருக்கு நம்பிக்கை தரும் காட்சி எண்ணெய்ச் சட்டியில் இருக்கிறது.

கடலை மாவும் அரிசி மாவும் மிளகாய்த்தூள், பூண்டு, உப்போடு பிசையப்பட்டு, ஏறக்குறைய 170 டிகிரி சூட்டில் இருக்கும் எண்ணெயில் விழுகின்றன. உடனே பொங்கிவரும் குமிழிகளைப் பார்த்து எண்ணெய் கொதிக்கிறது என்கிறோம். கொதிப்பது எண்ணெய் அல்ல, மாவில் உள்ள தண்ணீர். ஆவியானதும் அது 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, வெளியே பாய்கிற வேகத்தில் எண்ணெயை உள்ளே வரவிடாமல் தள்ளுகிறது. அது விட்டுப்போன நுண்துளைகள்தான் மொறுமொறுப்பு.

தண்ணீர் தீரத் தீரக் குமிழி சிறுத்து, இரைச்சலும் தணியும். சேவு போடுகிறவர் கடிகாரம் பார்ப்பதில்லை. இந்த அடக்கத்தைத்தான் பார்க்கிறார், கேட்கிறார். அதனால் இந்தக் காட்சிக்குப் பின்னணி இசை வேண்டாம். வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வர்ணனையாளரும் 'பொன்னிறமாகப் பொரிகிறது' என்று சொல்லாமல், 'குமிழி அடங்குகிறது, எடுக்கலாம்' என்று மட்டும் சொன்னால் போதும்.

அடுத்தது வடித்தல். பலரும் இதை இரண்டு நொடியில் வெட்டிவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சேவு எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் சட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான். ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, அந்த வெற்றிடம் மேலே ஒட்டிய எண்ணெயை உறிஞ்சிவிடும். ஆகவே ஜல்லிக்கரண்டியில் அள்ளியதும் சூட்டோடு உதறி வடியவிடுவது மிக முக்கியமான வேலை. கரண்டியின் அடியில் துளிகள் சொட்டுவதைக் கிட்டத்தில் காட்ட வேண்டும்.

எண்ணெய் பழசானால் குமிழி அடங்காமல் நுரையாகத் தேங்கும், நிறம் கறுக்கும். மீண்டும் மீண்டும் சூடாவதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ள விதி. சோதனைக் கருவியை எண்ணெயில் நனைத்து, திரையில் எண் நிற்கும்வரை படமெடுத்தால் கையுறைக் காட்சியைவிட அது அதிகம் பேசும். ஒன்று கவனிக்க வேண்டும்: கேமராவின் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால், மஞ்சள் நிறைந்த காட்சியில் அது நிறத்தைத் தானாகத் திருத்திவிடும். எண்ணெயின் உண்மை நிறம் போய்விடும். முதலில் சாம்பல் நிற அட்டையை வைத்து நிறத்தைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக உலோகம் கண்டறியும் இயந்திரம். பொட்டலங்கள் வரிசையாகக் கடந்து போவதை மட்டும் எடுத்தால், அது வேலை செய்கிறதா என்று யாருக்குத் தெரியும்? சிறு இரும்புக் குண்டு பதித்த சோதனை அட்டையை ஒரு பொட்டலத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். மணி அடித்து, அந்தப் பொட்டலம் தனியே ஒதுக்கப்படும்வரை கேமராவை அணைக்காதீர்கள்.