‘சயாம் மரண ரயில்’: நாவல் அமைப்பாகும் பயணம்

மலாக்கா நகரில் இன்று இரயில் நிலையம் இல்லை. தம்பினிலிருந்து நகருக்கு வந்த கிளைப்பாதையை ஜப்பானியர் தம் ஆட்சிக்காலத்தில் பெயர்த்தெடுத்து, தண்டவாளங்களைச் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். 1942–43இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த அப்பாதையில் உழைத்து மடிய மலாயாத் தோட்டத் தமிழரும் கொண்டு செல்லப்பட்டனர்.

இவ்வரலாற்றை நாவலாக்கியவர் ஆர். சண்முகம். தோட்டத்தை விட்டுப் புறப்படும் இரயிலை விடுதலையின் குறியாகக் காண்பது நம் வாசிப்புப் பழக்கம். ‘சயாம் மரண ரயில்’ அதனைத் தலைகீழாக்குகிறது. தந்தையைத் தேடிச் செல்லும் மகனின் புறப்பாடு அவனது சொந்த முடிவு. சென்று சேர்வதோ சிறை. பயணம் முடியுமிடத்தில் வேலை தொடங்குகிறது. அவர்கள் இடும் ஒவ்வொரு தண்டவாளமும் அவர்களைத் தோட்டத்திலிருந்து மேலும் விலக்குகிறது. முன்னேறுவது பாதைதான், மனிதர் அல்லர். இங்குத் தப்பித்தல் என்பது திரும்பி வருதலே.

எனவே, பயணத்தை மாற்றத்தின் குறியீடு என்று பொதுவாகக் கூறி நிறுத்தாமல், யார் முடிவால் புறப்பாடு நிகழ்கிறது, மீளும் வழி திறந்துள்ளதா என இரண்டு வினாக்களை மாணவர்முன் வைக்கலாம். பெயர்க்கப்பட்ட மலாக்காப் பாதை, இரண்டாம் வினாவுக்கு நம் மண்ணிலேயே உள்ள சான்று.