கஸல் பிடிக்கும் என்று எழுதினால் இடம் கிடைக்குமா?

வெளிநாட்டில் எம்.ஏ. இலக்கியம் படிக்க விண்ணப்பிப்பவர்களிடம் மதிப்பெண் பட்டியலோடு ஒரு கட்டுரையும் கேட்பார்கள். மாணவர்கள் அதை எஸ்.ஓ.பி. என்பார்கள். என்ன படிக்கப் போகிறீர்கள், ஏன், அதற்கு என்ன தயாரிப்பு இருக்கிறது என்று சொல்லும் நோக்க அறிக்கை அது. பல இடங்களில் 500 முதல் 1,000 சொற்களுக்குள் முடிக்க வேண்டும்.

கஸலைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் ஒரு மாணவியின் முதல் வரைவை எடுத்துக்கொள்வோம். 'சிறுவயது முதலே கஸலின் சோகமும் அழகும் என்னை ஈர்த்தன' என்று அது தொடங்குகிறது. இதில் கஸலை எடுத்துவிட்டு ஹைக்கூ என்று போட்டுப் பாருங்கள், வாக்கியம் அப்படியே நிற்கும். அப்படி நிற்கும் எந்த வாக்கியமும் எஸ்.ஓ.பி.யில் இடத்தை அடைக்கத்தான் உதவும். படித்துத் தேர்வு செய்கிற பேராசிரியருக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்காது.

கஸலுக்கு மட்டுமே பொருந்தும்படி எழுத, அதன் இலக்கணத்துக்குள் போக வேண்டும். கஸல் ஈரடிகளால் ஆனது. முதல் ஈரடியில் இரண்டு அடிகளும் ஒரே சொல்லிலோ தொடரிலோ முடியும். இதற்கு ரதீஃப் என்று பெயர். அதற்குச் சற்று முன்னால் ஓர் இயைபு வரும், அது காஃபியா. ஓர் உதாரணத்துக்கு இப்படிக் கட்டலாம்:

விளக்கில்லாமல் கிடக்கிறது வாசல் இன்று
ஆளில்லாமல் ஆடுகிறது ஊசல் இன்று

'இன்று' ரதீஃப், வாசல், ஊசல் இரண்டும் காஃபியா. அடுத்த ஈரடியிலிருந்து இரண்டாம் அடி மட்டும் 'பூசல் இன்று' என்பதுபோல் முடிந்தால் போதும். முதல் அடிக்கு அந்தக் கட்டு இல்லை. கூடவே இன்னொரு மரபும் உண்டு. ஒவ்வோர் ஈரடியும் தனிக் கவிதை. ஒன்றில் காதல், அடுத்ததில் கடவுள், அதற்கடுத்ததில் கள் என்று தாவலாம். பொருளால் சிதறிக் கிடப்பதை ஓசைதான் கட்டிப்போடுகிறது.

மாணவியின் கேள்வி இந்த இடத்தில்தான் பிறந்தது. 1960களின் இறுதியில், காலிப்பின் நூற்றாண்டு நினைவையொட்டி, எஜாஸ் அகமது உருது கஸல்களுக்குச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் தயாரித்து அமெரிக்கக் கவிஞர்களிடம் கொடுத்தார். அவர்களில் ஒருவரான ஏட்ரியன் ரிச், காலிப்புக்கு அஞ்சலியாக 1968இல் தாமே ஆங்கிலத்தில் கஸல்கள் எழுதினார். ஈரடிகளின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டார், ரதீஃபையும் காஃபியாவையும் விட்டுவிட்டார். ஸ்ரீநகரில் வளர்ந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆகா ஷாஹித் அலிக்கு ஆங்கிலத்தில் பரவிய இந்தக் கட்டில்லாத கஸல் உடன்பாடில்லை. கட்டைக் கழற்றிவிட்டு அதை எப்படிக் கஸல் என்பது என்று வாதாடி, இலக்கணப்படி எழுதப்பட்ட ஆங்கிலக் கஸல்களை 2000இல் தொகுப்பாகவே கொண்டுவந்தார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எஸ்.ஓ.பி.யின் வேலையில்லை. (என்னைக் கேட்டால் அலி பக்கம், ஆனால் ரிச்சின் சிதறலில் அந்த ஆண்டின் அமெரிக்கக் கொந்தளிப்பு கேட்கிறது என்பதையும் மறுக்க முடியாது.) மாணவி திருத்தி எழுதியது இப்படி: 'ரதீஃப் இல்லாதபோது ரிச்சின் ஈரடிகளை எது சேர்த்துவைக்கிறது? அலி ரதீஃபைத் திரும்பக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு முறை வரும்போதும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் பொருள் மாறுகிறதா, தேய்கிறதா?' இந்த வாக்கியங்களில் ஹைக்கூவை நுழைக்க முடியாது. இரண்டு கவிஞர்கள், சில கவிதைகள், ஒரு கேள்வி என்பதால் பிரிட்டனில் வழக்கமான ஓராண்டுப் படிப்புக்குள் அடங்கும். 'உலக இலக்கியத்தில் கஸல்' என்று அவர் முதலில் வைத்திருந்த தலைப்பை முனைவர் பட்டத்தில்கூட முடிக்க முடியாது.

அடுத்த சிக்கல் மொழி. உருது எழுத்து வாசிக்கத் தெரியாமல் காலிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினால், நேர்காணலில் முதல் கேள்வியே அங்குதான் விழும். மாணவி நாகரி எழுத்தில் உருதுக் கவிதை வாசிப்பவர். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, நஸ்தலீக் எழுத்தைப் படிப்பின்போது கற்கவிருப்பதாக எழுதினார். குறையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் அது திட்டத்தின் ஒரு பகுதியாகிவிடும். தமிழில் அப்துல் ரகுமான் கஸல் எழுதியிருப்பதையும் சேர்க்கலாமா என்று யோசித்தார். கேள்வி ஆங்கிலக் கஸலைப் பற்றியது என்பதால் விட்டுவிட்டார். எனக்கு வருத்தம்தான், ஆனால் முடிவு சரி.

கடைசிப் பத்தி, 'ஏன் உங்கள் துறை' என்பது. பலர் துறையின் அறிமுகப் பக்கத்தில் உள்ள பாராட்டையே திருப்பி எழுதி அனுப்புகிறார்கள். பார்க்க வேண்டியது அங்கே உருது கற்பிக்கப்படுகிறதா, மொழிபெயர்ப்பையோ யாப்பையோ ஆய்பவர் இருக்கிறாரா என்பதுதான். இரண்டும் இல்லாத ஓரிடத்தை, பெயர் பெரியதாக இருந்தும், மாணவி பட்டியலிலிருந்து அடித்தார். கூடவே அனுப்பும் மாதிரிக் கட்டுரையையும் மாற்றினார். முதலில் வைத்திருந்தது நாவல் பற்றியது. அதற்குப் பதிலாக அலியின் ஒரே ஒரு கஸலை ஈரடி ஈரடியாக வாசிக்கும் கட்டுரையை இணைத்தார்.