பாட்டு கேட்குது, பட்டன் கேட்கலை!



நான் கோலியனூர்க்காரன். மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு. காலையில் கூட்டு ரோட்டில் பஸ் ஏறினால் காதில் இயர்போன் ஏறிவிடும். ஆனால் எனக்கு அது பாட்டுப் பெட்டி மட்டும் இல்லை. கீழே விழுந்து கண்ணாடி உடைந்த என் போனில் திரையின் கீழ்ப்பாதி தொட்டால் வேலை செய்யாது. அழைப்பு வந்தால் திரையில் தள்ளி எடுக்க முடியாது. இயர்போன் ஒயரில் தொங்கும் நடு பட்டனை அமுக்கித்தான் பேச வேண்டும்.

ஒரு நாள் அந்தப் பட்டன் கைவிட்டது. பாட்டு அருமையாகக் கேட்கிறது. ப்ளஸ் அமுக்கினால் சத்தம் கூடவில்லை, மைனஸ் அமுக்கினால் குறையவில்லை. "போனால் போகுது" என்று விட்டுவிட்டேன். அன்று மாலை பஸ்ஸில் அப்பா அழைத்தார். மணி என் காதுக்குள்ளேயே அடிக்கிறது, நடு பட்டனை எத்தனை தரம் அமுக்கியும் எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து ஓய்ந்தது. வீட்டுக்குப் போனபின்தான் தெரிந்தது, ஆயாவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காப்பீட்டு அட்டையை எடுத்துவரச் சொல்லத்தான் அப்பா அழைத்திருக்கிறார். நான் போய்ச் சேர இரவு ஒன்பது ஆனது. "போனை எடுக்க மாட்டியாடா?" என்றார் அப்பா. பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் அந்த இயர்போனோடு நேரே லேபுக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

இயர்போன் பிளக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மூன்று கறுப்புக் கோடுகள், அவை பிரித்த நான்கு உலோகப் பகுதிகள். இன்றைய போன்களில் பெரும்பாலும் நுனி இடது காது, அடுத்தது வலது காது, மூன்றாவது கிரவுண்ட், ஒயர் பக்கம் இருக்கும் கடைசிப் பகுதி மைக். பாட்டு முதல் மூன்றிலேயே முடிந்துவிடுகிறது. மூன்று பட்டன்களுக்கும் தனி ஒயர் கிடையாது. அவை மைக் ஒயரில்தான் சவாரி செய்கின்றன!

எப்படி? நாம் முதல் வருடம் படித்த வோல்டேஜ் டிவைடர்தான். போன் தன்னுள்ளே இருக்கும் சுமார் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, ஏறக்குறைய 2.2 வோல்ட்டை மைக் ஒயருக்குக் கொடுக்கிறது. நடு பட்டன் மைக்கை நேரே கிரவுண்டோடு சேர்க்கிறது, வோல்டேஜ் பூஜ்யம். ப்ளஸ் 240 ஓம் வழியாகச் சேர்க்கிறது, வோல்டேஜ் 0.2 அருகில். மைனஸ் 470 ஓம் வழியாக, 0.4 அருகில். போன் அந்த வோல்டேஜைப் பார்த்து எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கிறது. ஆண்ட்ராய்டு விதிமுறைப்படி 70 ஓம் வரை நடு பட்டன், 210 முதல் 290 வரை ப்ளஸ், 360 முதல் 680 வரை மைனஸ். இடையில் 110 முதல் 180 வரை குரல் கட்டளைக்கு. (ஐபோன் இயர்போனின் ப்ளஸ், மைனஸ் வேறு வகை, உள்ளே ஒரு சிப் பேசுகிறது. அதை ஆண்ட்ராய்டில் செருகினால் அந்த இரண்டும் வேலை செய்யாது. அது பழுது அல்ல.)

ஆகவே பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது என்பதே பாதி விடை. நான்கில் மூன்று ஒயர் நலம். கிரவுண்ட் அறுந்திருந்தால் எஸ்.பி.பி. குரல் மங்கிப்போய் பின்னணி இசை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் கேட்கும். அப்படி இல்லாமல் மூன்று பட்டனும் ஒரே நாளில் செத்தால், மூன்றும் தனித்தனியாகக் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகம் மைக் ஒயர் மேல்தான் விழ வேண்டும்.

முதலில் இயர்போனை நண்பனின் போனில் செருகினேன். அங்கும் அதே கதை. அவனுடைய இயர்போன் என் போனில் நன்றாக வேலை செய்தது. ஆக என் போன் குற்றவாளி இல்லை. இன்னொரு தடயமும் கிடைத்தது. அவன் இயர்போனைச் செருகினால் திரையின் மேலே மைக் வைத்த ஹெட்செட் படம் வருகிறது. என்னுடையதைச் செருகினால் மைக் இல்லாத படம். மைக் இருப்பதையே போன் உணரவில்லை!

அடுத்து மல்டிமீட்டர். சிவப்பு முனையை மைக் பகுதியிலும் கறுப்பு முனையை கிரவுண்டிலும் வைத்தேன். மீட்டர் இடது ஓரத்தில் "1" மட்டும் காட்டியது, அதாவது முழு ஓப்பன். நடு பட்டனை அமுக்கியும் அசையவில்லை. பிளக்கை ஒட்டிய இடத்தில் ஒயரை மெல்ல வளைத்தேன். ஒரு கணம் 2,400 ஓம் வந்து மறைந்தது. திருடன் அகப்பட்டான்! தினமும் சட்டைப்பையில் மடங்கி மடங்கி, தலைமுடி போன்ற கம்பி அங்கேதான் அறுந்திருக்கிறது.

பிளக்கிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வெட்டி, புது நான்கு பகுதி பிளக் போட்டேன். இங்கே இரண்டு சங்கடம். ஒன்று, உள்ளே இருக்கும் கம்பிகளுக்கு மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. சுரண்டினால் அறுந்துவிடும். அயர்ன் நுனியில் உருகிய சால்டரில் சில நொடி முக்கி எடுத்தால் பூச்சு எரிந்து கம்பி பளிச்சென்று வரும். மற்றொன்று, நிறத்தை நம்பக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரை வைத்துப் பாருங்கள். காதில் "டிக்" என்று கேட்டு 16 அல்லது 32 ஓம் அருகே காட்டினால் அது ஸ்பீக்கர். இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவானது கிரவுண்ட். மிஞ்சியது மைக். சால்டர் வைக்கும் முன் பிளக்கின் மூடியை ஒயரில் கோத்துவிடுங்கள். நான் மறந்து, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தேன்!

முடித்து அளந்தபோது சும்மா இருக்கையில் 2,400 ஓம், நடு பட்டனுக்கு 1, ப்ளஸுக்கு 218, மைனஸுக்கு 393. 240க்கும் 470க்கும் பக்கத்தில் மைக் இணையாக இருப்பதால் கொஞ்சம் குறைகிறது. மூன்றும் அதனதன் எல்லைக்குள். பட்டன்கள் உயிர் பெற்றன.

இதைப் பார்த்த ஒரு நண்பன், "டேய், என்னோடதுல ப்ளஸ் அமுக்கினா சத்தம் குறையுதுடா, நடு பட்டன் அமுக்கினா என்ன வேணும்னு கேக்குது" என்றான். அளந்தால் நடு பட்டனுக்கு 151, ப்ளஸுக்கு 368! எங்கோ 150 ஓம் கூடுதலாக நுழைந்திருக்கிறது. அதனால் ப்ளஸ் மைனஸின் எல்லைக்கும், நடு பட்டன் குரல் கட்டளையின் எல்லைக்கும் தள்ளிப்போய்விட்டன. கூடுதல் இன்னும் பெரிதானால் எந்த எல்லையிலும் விழாது, எல்லாப் பட்டனும் ஊமையாகிவிடும். அவன் பிளக்கின் மைக் பகுதியில் வியர்வைக் களிம்பு பச்சையாகப் படிந்திருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்ததும் சரியாயிற்று. சால்டரே தேவைப்படவில்லை. அதனால் வெட்டும் முன் துடைத்துப் பாருங்கள்.

துடைத்தும், ஒயரை வளைத்தும் பயனில்லாமல், பட்டன் பெட்டிக்குள்ளேயே கெட்டிருந்தால் அதைத் திறப்பது கஷ்டம். பெரும்பாலும் ஒட்டியிருப்பார்கள், உடைந்துவிடும். அப்போது புதிது வாங்குவதே மேல்.

போன வாரம் பஸ்ஸில் அப்பா அழைத்தார். நடு பட்டனை ஒரே தரம் அமுக்கினேன். "ஆயா வீட்டுக்கு வந்தாச்சு, வரும்போது அரை லிட்டர் பால் வாங்கிட்டு வா" என்றார். வாங்கிக்கொண்டு போனேன். இப்போதெல்லாம் இயர்போனைக் கழற்றும்போது ஒயரை இழுப்பதில்லை. பிளக்கைப் பிடித்துத்தான் எடுக்கிறேன்.