தென்னைக்கு ஏது மோட்டார்?

கிணற்று மேட்டில் மோட்டார் வைத்து இறைத்தவர்களுக்கு இது தெரியும்: தண்ணீர் 25 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே ஓடும். குழாயிலுள்ள காற்றை மோட்டார் உறிஞ்ச, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. எவ்வளவு நல்ல மோட்டாரானாலும் 33 அடிக்கு மேல் அந்த அழுத்தத்தால் தள்ள முடியாது. அதனால்தான் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குகிறோம். ஆனால் அதே கிணற்றோரத்துத் தென்னை, 60 அடி உயரத்திலுள்ள மட்டைக்குச் சத்தமில்லாமல் நீர் ஏற்றுகிறது.

மரத்துக்குள் நீர் செல்லும் வழி சைலம். அதன் குழாய்கள் செத்த செல்களால் ஆனவை. சுவர் தடித்து, உள்ளிருந்ததெல்லாம் கரைந்துபோய், வெறும் கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். செத்த குழாய் எப்படி இறைக்கும்? ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர் உயரமான மரங்களை அடியில் அறுத்து நச்சுக் கரைசலில் நிறுத்திப் பார்த்தார். வழியிலிருந்த உயிருள்ள செல்களைக் கொன்றுகொண்டே கரைசல் மேலேறியது. இலைகள் செத்த பிறகுதான் நின்றது. அப்படியானால் இறைப்பது தண்டு இல்லை, இலை.

இதற்கான விளக்கத்தை 1894-இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் சொன்னார்கள். இலைத்துளை திறந்ததும் உள்ளே ஈரமாக இருக்கும் செல்சுவரிலிருந்து நீர் ஆவியாகிறது. சுவரின் நுண்ணிய இடுக்குகளில் மிச்சமுள்ள நீர் உள்வாங்கி, பின்னாலுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், அந்த இழுப்பு இலையிலிருந்து வேர் வரை ஒரே கயிறாகப் போகிறது. காற்று கீழிருந்து தள்ளுவதாக இருந்தால்தானே 33 அடிக் கணக்கு? இது மேலிருந்து இழுப்பது. கூலி வெயிலுடையது.

தாது உப்புகள் மட்டும் சும்மா வருவதில்லை. வேரின் உள்வட்டத்தில் மெழுகு போன்ற பட்டை ஒன்று செல்களின் இடைவெளியை அடைத்திருக்கும். அங்கே உப்புகள் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்துதான் கடக்க வேண்டும். வேர் தன் ஆற்றலைச் செலவழித்து அவற்றை உள்ளே எடுக்கிறது. சைலத்தில் சேர்ந்துவிட்டால் பிறகு நீரோடு ஓசிப் பயணம்தான்.

இப்படி ஏறும் நீரில் பெரும்பங்கு ஆவியாகவே போய்விடும். கரியமில வாயு உள்ளே வரவும் அதே துளைதான் வாசல் என்பதால், மரத்துக்கு வேறு வழியில்லை.

கயிறு என்றால் அறுகும். மண் காய்ந்து, வெயிலும் ஏறினால் இழுவிசை கூடிக்கொண்டே போகும்; ஒரு கட்டத்தில் காற்றுக்குமிழி புகுந்து அந்தக் குழாய் அடைபடும். காதுக்கு எட்டாத அந்த வெடிப்பொலியை மீயொலிக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. வேம்பும் மாமரமும் புதுச் சைலம் போட்டுக்கொண்டு சமாளிக்கும். தென்னைத்தண்டு பருப்பதில்லை, ஒரு மட்டத்தில் முதலில் அமைந்த குழாய்களோடுதான் அது கடைசிவரை காலம் தள்ள வேண்டும்.

ரோஜாவைக் காம்போடு பறிக்கும்போதும் இதே கயிறுதான் அறுகிறது; வெட்டுவாயில் காற்று ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் காம்பை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே இன்னும் ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள்.