429 என்று பதில் வந்தால்

பழைய புத்தகங்கள் விற்கும் ஒரு தளத்தில் 1,200 பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அத்தனையிலும் உள்ள விலையைத் திரட்ட வேண்டும். பைத்தானில் சின்னதாக ஒரு ஸ்கிரேப்பர் எழுதி ஓட விடுகிறோம். ஒரு பக்கம் வர 0.2 நொடி. நொடிக்கு ஐந்து பக்கம் வீதம் நான்கே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் ஐந்தாறு நொடிக்குள் பக்கத்துக்குப் பதிலாக 429 என்ற எண் வந்து நிற்கிறது. ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்று சர்வர் சொல்கிறது.

பல சர்வர்கள் ஒவ்வொரு ஐ.பி. முகவரிக்கும் ஓர் ஓட்டை வாளி வைத்திருக்கின்றன. நாம் கேட்கும் ஒவ்வொரு பக்கமும் வாளியில் ஒரு குவளை நீர்; ஓட்டை வழியே நொடிக்கு ஒரு குவளை வெளியேறும். வாளி 20 குவளை பிடிக்கும் என்றால், நொடிக்கு ஐந்து ஊற்றும்போது நான்கு தங்கிவிடும்; ஐந்தாவது நொடியில் வாளி வழியும். மனிதர் ஒருவர் பக்கங்களைப் புரட்டிப் படிக்கும் வேகத்தில் அது நிரம்பவே நிரம்பாது.

429 வந்த கையோடு அதே பக்கத்தைத் திரும்பக் கேட்பதுதான் பெரும்பாலான ஸ்கிரேப்பர்கள் செய்யும் காரியம். மறுத்த பிறகும் விடாமல் தட்டுகிற முகவரியைச் சில சர்வர்கள் மணிக்கணக்கில் தடைப்பட்டியலில் போட்டுவிடும். இத்தனைக்கும், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதைப் பல சர்வர்கள் `Retry-After` என்ற வரியில் சொல்லியே அனுப்புகின்றன. அதைப் படித்தால் போதும்:

```python
if r.status_code == 429:
    wait = int(r.headers.get("Retry-After", 60))
else:
    wait = random.uniform(1.5, 2.5)
time.sleep(wait)
```

(அந்த வரியில் நொடிக் கணக்குக்குப் பதில் தேதியும் நேரமும் வருவதுண்டு, அப்போது `int` தடுக்கி விழும்.) மறுக்கப்பட்ட பக்கத்தை மறக்காமல் வரிசையில் திரும்பச் சேர்க்க வேண்டும். சராசரி இரண்டு நொடி இடைவெளியில் 1,200 பக்கமும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும். வந்த பக்கங்களை அப்படியே வட்டில் சேமிப்பது நல்லது. விலையைப் பிரித்தெடுக்கும் வரியில் பிழை இருந்தாலும் மறுபடி சர்வரைத் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை.

எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைச் சில இடங்கள் வெளிப்படையாகவே அறிவித்துள்ளன. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் முகவரி தேடும் சேவையான நோமினாட்டிமில் நொடிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, ஆர்க்சைவின் ஏ.பி.ஐ. மூன்று நொடி கேட்கிறது. எதுவும் சொல்லாத தளத்தில் இரண்டு நொடியில் தொடங்கலாம். பதில்கள் வர வரத் தாமதமானால் சர்வர் திணறுகிறது என்று பொருள், இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

முதல் கோரிக்கைக்கே 403 வந்தால் வேகம் காரணமல்ல. `python-requests` என்று தொடங்கும் பெயரைப் பார்த்தே சில தளங்கள் கதவடைக்கும். யார், எதற்காக எடுக்கிறோம், எந்த மின்னஞ்சலில் பிடிக்கலாம் என்பதை `User-Agent` வரியில் எழுதுவது நேர்மையான வழி. `robots.txt` கூடாது என்று சொல்லும் பகுதியை எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் அது எல்லை மீறல்தான்.

ஏமாற்றும் தடை ஒன்றும் உண்டு. எண் 200 என்று நல்லபடியாக வரும். உள்ளே இருப்பதோ ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்கும் பக்கம். சேமித்த கோப்புகளை அளவு வாரியாக அடுக்கினால் இது அகப்பட்டுவிடும்: 60 கேபி கோப்புகளுக்கு நடுவே ஒரே அளவில் 4 கேபி கோப்புகள் வரிசையாக நின்றால், அவற்றில் முதலாவது எது என்று பாருங்கள். தடை விழுந்தது அங்கேதான்.